முன் வாங்கு போதுமா? தோட்டப் பாடசாலை வகுப்பறையில் காது மந்தமும் பார்வைக் குறையும்

ஹட்டன், நுவரெலியா வட்டாரத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஒரு பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றோ, பலகையில் இருப்பது தெரியவில்லை என்றோ கண்டுகொண்டால் ஆசிரியர் முதலில் செய்வது ஒன்றுதான். "முன்னுக்கு வந்து இரு" என்பார். பெரும்பாலும் அத்தோடு ஏற்பாடு முடிந்துவிடும். ஒரு தவணை போனபின் பார்த்தால் பிள்ளையின் கொப்பியில் அதே பிழைகள் இருக்கும். "முன்னுக்கு இருத்தியும் ஏறவில்லை" என்ற பேச்சு வரும். அதன்பிறகு அது காது மந்தமான பிள்ளை இல்லை, வெறும் மந்தமான பிள்ளை என்றாகிவிடும்.

முன் வாங்கு கெட்ட யோசனை அல்ல. ஆனால் அது அளந்து பார்க்காமல் சொல்லப்படும் யோசனை. எத்தனை மீற்றர் தூரம், எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இரைச்சல், கூரையில் மழையா வெயிலா என்பவற்றைப் பொறுத்து அந்த வாங்கு உதவவும் செய்யும், உபத்திரவமாகவும் ஆகும். மத்திய மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையின் கட்டடமும் வானிலையும் இந்தக் கேள்விகளை மற்ற இடங்களைவிடக் கூர்மையாக்குகின்றன.

இப்பிள்ளைகள் ஏன் சாதாரணப் பாடசாலையில் இருக்கிறார்கள் என்பதற்குச் சட்டத்தைவிடத் தூரமே பெரிய காரணம். இலங்கையில் கேட்காத, பார்க்க முடியாத பிள்ளைகளுக்கான முதல் பாடசாலையை மேரி சாப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண் 1912இல் தொடங்கினார். அதுவே பின்னர் இரத்மலானைப் பாடசாலையானது. தமிழில் கற்பிக்கும் நஃபீல்ட் பாடசாலை 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் வந்தது. ஹட்டனிலிருந்து கைதடிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய் ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விடுதியில் சேர்ப்பது அரிது. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இத்தகைய பிள்ளைகளைச் சாதாரண வகுப்புகளோடு இணைக்கும் முயற்சியைக் கல்வி அமைச்சு மேற்கொண்டது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுத்தது. ஆகவே அனுமதி கிடைத்துவிடுகிறது. தொல்லை தொடங்குவது வகுப்புக்குள்.

அந்த வகுப்பு எப்படி இருக்கிறது? தோட்டப் பாடசாலைகளை எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. பிறகு வெளிநாட்டு உதவியோடு பல கட்டடங்கள் எழுந்தன. ஆனாலும் இன்றுவரை பல இடங்களில் ஒரு நீண்ட மண்டபம்தான் பாடசாலை. தரம் 1 முதல் 5 வரை ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். இடையில் சுவர் கிடையாது. காலில் நிற்கும் கரும்பலகை ஒன்றோ, ஆளுயரத் தட்டி ஒன்றோதான் எல்லை. மேலே சீலிங் இல்லாத தகரம். தரம் 3இல் வாய்ப்பாடு சொல்வதும் தரம் 1இல் பாட்டுப் பாடுவதும் தரம் 4இல் தமிழ் நடப்பதும் ஒரே காற்றில்.

காது நன்றாகக் கேட்கும் பிள்ளை இதைச் சமாளித்துவிடும். வேண்டாத ஓசையை ஒதுக்கி, வேண்டியதைப் பிடிக்கும் வேலையை அதன் மூளை செய்துகொள்ளும். காது குறைந்த பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு ஆசிரியரின் குரல், சுற்றியுள்ள இரைச்சலைவிட ஏறக்குறைய 15 டெசிபெல் ஓங்கியிருக்க வேண்டும் என்பது செவிப்புலத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

மண்டபத்தின் நடுவில் தரம் 4. ஆசிரியர் சற்று உரத்துப் பேசுகிறார். அவரிடமிருந்து 1 மீற்றரில் குரல் 65 டெசிபெல் என்று வைப்போம். தூரம் இரட்டிக்க இரட்டிக்கக் குரல் 6 டெசிபெல் குறையும். ஆகவே 2 மீற்றரில் 59, 4 மீற்றரில் 53. இது திறந்தவெளிக் கணக்கு. மண்டபத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குரலைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனால் அந்த எதிரொலி சொல்லின் ஓரங்களைக் கரைத்துவிடுவதால் காது குறைந்த பிள்ளைக்கு அதில் இலாபமில்லை. இரு பக்கத்து வகுப்புகளின் இரைச்சல் 55 என்று கொள்வோம். நாலாவது வரிசையில், 4 மீற்றரில், குரல் இரைச்சலுக்குக் கீழே போய்விடுகிறது. பிள்ளையை முன் வாங்குக்கு, 2 மீற்றருக்குக் கொண்டுவந்தாலும் 4 டெசிபெல்தான் மிச்சம். தேவை 15. "முன்னுக்கு இருத்தியும் ஏறவில்லை" என்பதன் கணக்கு இதுதான்.

காதுக்கருவி இருந்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். கருவி குரலையும் பெருக்கும், இரைச்சலையும் பெருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அது பெரிதாகக் கூட்டுவதில்லை. ஆசிரியரின் சட்டையில் ஒலிவாங்கி பொருத்தி, குரலைக் கருவிக்கே வானொலி அலையில் அனுப்பும் முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் அதன் விலையும் பராமரிப்பும் தோட்டப் பாடசாலைக்கு எட்டாதவை.

எட்டக்கூடியது இரைச்சலைக் குறைப்பது. பலருக்கு முதலில் தோன்றும் வழி, தரம் 4ஐ மண்டபத்தின் கடைசிக்கு நகர்த்துவது. அப்போது ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மட்டுமே அயல் வகுப்பு. நல்லதுதான். ஆனால் இரண்டு சம இரைச்சல்களில் ஒன்றை நீக்கினால் குறைவது 3 டெசிபெல் மட்டுமே. 55 என்பது 52 ஆகும். பெரிய மாற்றம் நேர அட்டவணையில் இருக்கிறது. தரம் 4இல் தமிழ், கணிதம் போன்ற விளக்கிச் சொல்லும் பாடம் நடக்கும் நாற்பது நிமிடத்தில் அயல் வகுப்பில் எழுத்து வேலையோ சித்திரமோ நடக்கும்படி அதிபர் அட்டவணையை அமைத்தால் இரைச்சல் 45 அளவுக்கு இறங்கலாம். இப்போது 2 மீற்றரில் வித்தியாசம் 14. ஆசிரியர் ஓர் எட்டு முன்வந்து ஒன்றரை மீற்றரில் நின்றால் 16ஐத் தாண்டும். காசு செலவில்லை. ஆனால் இதை வகுப்பாசிரியர் தனியாகச் செய்ய முடியாது, அதிபர்தான் செய்ய வேண்டும். ஒரு பிள்ளைக்காக இரண்டு வகுப்புகளின் அட்டவணையை மாற்றுவதா என்ற முணுமுணுப்பு ஆசிரியர் அறையில் எழும். எழட்டும். அயல் இரைச்சல் குறைவதால் அந்த வகுப்பின் மற்றப் பிள்ளைகளுக்கும் நன்மைதான்.

இரைச்சலை அறியக் கைத்தொலைபேசியில் கிடைக்கும் இலவச ஒலியளவுச் செயலிகள் போதும். அவை காட்டும் எண் துல்லியமானதல்ல. ஆனால் ஒரே தொலைபேசியில் இன்று இங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு என்று ஒப்பிட உதவும். முட்டை அட்டைகளைத் தட்டியில் ஒட்டினால் சத்தம் நிற்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அட்டை கூர்மையான எதிரொலியைச் சிறிது உறிஞ்சும், அவ்வளவே. அடுத்த வகுப்பின் குரல் தட்டிக்கு மேலால் வருகிறது, அட்டை ஊடாக அல்ல.

இந்தக் கணக்கெல்லாம் மழை இல்லாத நாளுக்கு. நுவரெலியா நகரத்தில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீற்றரை ஒட்டிப் பெய்யும் மழை, மேற்குச் சரிவில் வட்டவளைப் பக்கம் போனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் வெறுந்தகரத்தின் கீழ் ஆசிரியர் கத்தினாலும் பயனில்லை. கத்துவதால் தீமையும் உண்டு. உரத்துக் கத்தும்போது உயிரோசைதான் பெருக்கிறது, மெய்யோசை பெருப்பதில்லை. வாயின் வடிவமும் கோணி, உதட்டைப் பார்த்து விளங்கும் பிள்ளைக்கு அதுவும் கெடுகிறது. ஆகவே மழைக்கென்று தனியாக ஒரு பாடத்திட்டம் வேண்டும். டிமைத் தாளில் பெரிதாக எழுதிய பயிற்சிகளை முன்கூட்டியே தயாரித்து வைத்து, மழை பிடித்ததும் சுவரில் மாட்டிவிடலாம். பேச்சை நிறுத்தி எழுத்துக்கு மாறும்போது முழு வகுப்பும் காது குறைந்த பிள்ளையோடு ஒரே நிலைக்கு வந்துவிடும்.

உதட்டைப் பார்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதனால் எல்லாம் விளங்கிவிடும் என்பது கேட்பவர்களின் கற்பனை. தமிழில் 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒரேமாதிரித்தான் அசையும். ககரம் அடிநாவில் பிறப்பதால் வெளியே எதுவும் தெரியாது. ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளே நடப்பவை. இதைவிட முக்கியமானது தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல். யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் வினைமுற்றின் கடைசி அசைகளில் இருக்கின்றன. 'படிக்கிறேன்', 'படிப்பேன்', 'படிக்கேல்ல' எல்லாம் தொடங்குவது ஒன்றாக. நாம் பேசும்போது குரல் தாழ்ந்து அமிழ்வதும் அந்தக் கடைசி அசைகளில்தான். காது குறைந்த பிள்ளை தலையைப் பிடித்துவிட்டு வாலைத் தவறவிடுகிறது. கொப்பியில் காலமும் இடமும் பிசகிய வாக்கியங்கள் அடுக்கடுக்காக வந்தால் அதை இலக்கணப் பிழை என்று மட்டும் பார்க்கக் கூடாது. சொல்வதெழுதலில் ஈற்று மெய்கள் தொடர்ந்து விடுபடுகின்றனவா, மெல்லொலிகள் மட்டும் மாறுகின்றனவா என்று ஒரு மாதக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் காதின் நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

ஆசிரியர் செய்யக்கூடியது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தாழவிடாமல் முடிப்பது. பலகைக்குத் திரும்பி எழுதிக்கொண்டே பேசாமலிருப்பது. யன்னலுக்கு முதுகுகாட்டி நிற்காதிருப்பது, ஏனெனில் வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் கறுத்து உதடு மறைந்துவிடும். மற்றப் பிள்ளை சொன்ன விடையை அவர் திருப்பிச் சொல்வதும் அவசியம். மற்றவர்கள் பேசுவதையும் பார்க்க வேண்டியிருப்பதால்தான் முன் வாங்கைவிட இரண்டாவது வரிசையின் ஓரம் பல வேளைகளில் நல்லது. அங்கே உட்கார்ந்தால் தலையைச் சற்றுத் திருப்பி வகுப்பின் மற்ற முகங்களைப் பார்க்கலாம். யாரோ சிரித்தால் ஏன் என்று விளங்கும். ஒரு காது மட்டும் குறைந்த பிள்ளையாயின் நல்ல காது வகுப்பின் பக்கம் இருக்க வேண்டும்.

கருவி போட்ட பிள்ளை வகுப்பில் இருந்தால் காலையில் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். டானியல் லிங் என்ற செவிப்புலக் கல்வியாளர் வகுத்த ஆறு ஒலிச் சோதனை இதற்கென்றே அமைந்தது: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். பேச்சில் வரும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை இந்த ஆறும் தழுவிவிடும். ஆசிரியர் பிள்ளையின் பின்னால் ஒரு மீற்றரில் நின்று, சாதாரணக் குரலில், ஒழுங்கு மாற்றி, இடைவெளியும் மாற்றிச் சொல்வார். பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சு வராத சிறு பிள்ளை ஒலி கேட்டதும் ஒரு மஞ்சாடி விதையை டின்னுக்குள் போடலாம். பிறகு இரண்டு மீற்றர், மூன்று மீற்றர். நேற்று மூன்று மீற்றரில் 'ஸ்' கேட்ட பிள்ளைக்கு இன்று ஒரு மீற்றரில் கேட்கவில்லை என்றால் பழுது கருவியிலோ காதிலோ இருக்கிறது, கவனத்தில் இல்லை.

மலைநாட்டில் பழுதுக்கு வழக்கமான காரணம் ஈரம். பனிமூட்டத்தில் ஒரு மைல் நடந்து வந்த பிள்ளையின் காது அச்சிலிருந்து போகும் மெல்லிய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நீர்த்துளி நிற்பது தெரியும். அந்தத் துளி போதும், ஒலி அடைபட. குழாயைக் கழற்றி சிறிய இரப்பர் ஊதியால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் மேலும் ஈரம் சேரும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய போத்தலில் வைக்கச் சொல்ல வேண்டும். அடுப்புப் பரணில் காயவைப்பது கருவியைக் கெடுக்கும். கருவியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் விசில் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பற்றரி தீர்ந்திருக்கலாம். காதில் போட்ட பிறகும் விசில் அடித்தால் அச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள். வளரும் பிள்ளைக்கு அச்சைக் காலத்துக்குக் காலம் புதிதாக எடுக்க வேண்டும். இதற்காகக் கண்டிக்குப் போய்வர தாயின் ஒருநாள் பெயர் போய்விடும், அந்தநாள் சம்பளமும் போய்விடும். கருவி பெட்டிக்குள் தூங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அசட்டை அல்ல, இந்தக் கணக்கு.

கருவி இல்லாத இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள்தான் தொகையில் அதிகம், கண்ணில் படுவது குறைவு. லயத்தின் நெருக்கடியும் விறகுப் புகையும் ஓயாத சளியும் சேர்ந்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகள். இவர்களின் கேட்கும் திறன் 20, 30 டெசிபெல் அளவில் குறையும், சளி இறங்கினால் திரும்பும். ஒரு கிழமை கேட்கும், ஒரு கிழமை கேட்காது. "நினைச்சா கேக்குது, நினைக்காட்டி கேக்கல" என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வது இவர்களைப் பற்றித்தான். இந்த ஏற்ற இறக்கமே நோயின் அடையாளம். காதில் சீழ் வடிந்தாலோ, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தாலோ காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

கண்ணுக்கு வருவோம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10இல் நடப்பது வழக்கம். அந்தப் பரிசோதனை தவறினாலோ, இடையில் பார்வை குறைந்தாலோ மூன்று வருடம் கவனிப்பார் இல்லை. ஆசிரியரே 6 மீற்றரில் ஒரு பார்வை அட்டையை மாட்டிப் பார்க்கலாம். அதோடு செய்யவேண்டிய இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. தடித்த அட்டையில் ஊசியால் ஒரு மில்லிமீற்றர் அளவில் துளையிட்டு, அதனூடே அதே எழுத்துகளை வாசிக்கச் சொல்ல வேண்டும். துளையூடாகத் தெளிவு கூடினால் அது பெரும்பாலும் கண்ணாடியால் தீரும் குறை. கூடாவிட்டால் கண்ணுக்குள்ளே நோய் இருக்கக்கூடும், உடனே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கண்ணாடியாலும் தீராத குறை உள்ள பிள்ளைக்கு முன் வாங்கு எவ்வளவு உதவும்? 6/60 என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு தரம் 5 மாணவியை எடுத்துக்கொள்வோம். மற்றவர்கள் 60 மீற்றரில் காணும் எழுத்தை இவள் 6 மீற்றரில்தான் காண்பாள் என்பது அதன் பொருள். 6 மீற்றரில் அவள் அடையாளம் காணும் மிகச்சிறிய எழுத்தின் உயரம் 8.7 சென்ரிமீற்றர். தூரம் குறையும் விகிதத்தில் இதுவும் குறையும். 2 மீற்றரில் 2.9, 1 மீற்றரில் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. ஆசிரியர் பலகையில் 5 சென்ரிமீற்றர் உயரத்தில் எழுதுகிறார் என்றால் முன் வாங்கிலிருந்து அவளுக்கு எழுத்து 'தெரிகிறது'. ஆனால் தெரிவது வேறு, தடங்கலின்றி வாசிப்பது வேறு. சரளமாக வாசிக்க, அடையாளம் காணும் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். முன் வாங்கில் அவளுக்குக் கிடைப்பது ஒன்றே முக்கால் மடங்குதான். பலகைக்கு ஒரு மீற்றர் அருகில் போனால் மூன்று மடங்குக்கு மேல். எழுந்துபோய் வாசித்துவிட்டு வர அவளுக்கு நிரந்தர அனுமதி வேண்டும். ஒவ்வொருமுறையும் கேட்டுப்போக வைத்தால் நாலாம் நாள் கேட்பதை விட்டுவிடுவாள்.

தமிழ் எழுத்தில் இன்னொரு இக்கட்டு மெய்யின் புள்ளி. பார்வை அட்டை எழுத்தில் ஒரு கோட்டின் தடிப்பு, எழுத்து உயரத்தில் ஐந்தில் ஒன்று. அந்தக் கணக்கில் நம் மாணவி 2 மீற்றரில் பிரித்தறியும் நுட்பம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். சோக்கை ஒருமுறை தொட்டு எடுக்கும் புள்ளி பெரும்பாலும் அதைவிடச் சிறிது. எழுத்து தெரிந்து புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகும், 'கண்' என்பது 'கண' ஆகும். 'கொ', 'கோ' இரண்டையும் பிரிக்கும் கொம்பின் சுழியும் அப்படியே மறையும். இத்தகைய பிழைகள் மட்டும் திரும்பத் திரும்ப வருகிற கொப்பி பார்வைக் குறையைக் காட்டிக்கொடுக்கும் கொப்பி. சோக்கை அழுத்தித் திருகிப் புள்ளி வைப்பதும், சாம்பல் நிறமாகிப்போன பலகைக்கு வருடம் ஒருமுறை கறுப்புப் பூச்சு அடிப்பதும் சிறிய வேலைகள்தான்.

வெளிச்ச விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே விதி கிடையாது. வெண்தோல், வெண்முடியோடு பிறந்த பிள்ளைக்கு வெளிச்சம் கூசும். யன்னலுக்கு முதுகு காட்டி இருத்தி, வகுப்பிலும் தொப்பி அணிய விட வேண்டும். விழித்திரை நோயால் மாலைக்கண் உள்ள பிள்ளைக்கு நேர் எதிர். மூடுபனி இறங்கிய காலையில் அது ஏறக்குறையப் பார்வையற்ற பிள்ளை. யன்னலோரமோ மின்குமிழுக்கு நேர்கீழோ அதற்குரிய இடம். எது சரி என்று அறிய, மூன்று இடங்களில் இருத்தி ஒரே பத்தியை வாசிக்கவிட்டு எங்கே வேகம் கூடுகிறது என்று பார்ப்பதைவிடச் சிறந்த வழியில்லை.

மேசையில் நடப்பது இன்னும் எளிது. புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோவதே இப்பிள்ளைகளின் இயல்பான வழி. 30 சென்ரிமீற்றரை 15 ஆக்கினால் எழுத்து இரட்டிப்பாகிறது. ஆனால் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் "கிட்ட வச்சிப் பாக்காத, கண்ணு கெட்டுப் போகும்" என்ற அதட்டல் விழுகிறது. பார்வை குறைந்த பிள்ளை கிட்ட வைத்து வாசிப்பதால் நோய் கூடாது. அதட்டலுக்குப் பயந்து தூர வைத்தால் வாசிப்பே நின்றுபோகும். ஏ4 பக்கத்தை ஏ3க்குப் பெருப்பித்துப் பிரதி எடுப்பது பெரிய உதவி என்று கருதப்படுகிறது. அதனால் எழுத்து 1.4 மடங்குதான் பெருக்கும். கிட்ட வைக்க விட்டாலே காசில்லாமல் இரண்டு மடங்கு கிடைக்கிறது. குனிந்து குனிந்து கழுத்து நோகாமலிருக்க மேசையில் ஒரு சாய்பலகை வேண்டும். தோட்டத்துத் தச்சரிடம் சொன்னால் பழைய பலகையிலேயே செய்து தருவார். கொப்பியின் வெளிறிய நீலக்கோடுகளின் மேல் மார்க்கர் பேனையால் கறுப்புக்கோடு இழுத்துக் கொடுக்கலாம். பலகையிலிருந்து பார்த்தெழுதும் நேரத்தில் பக்கத்துப் பிள்ளை மெதுவாக வாசித்துச் சொன்னால் இவளும் மற்றவர்களோடு எழுதி முடிப்பாள். முற்றத்துப் படிகளின் விளிம்பில் சுண்ணாம்புக்கோடு அடித்துவிட்டால் மழைநாளில் விழாமல் ஏறுவாள்.

இத்தனையும் செய்தாலும் எட்டாத இரண்டு எல்லைகளை மறைக்கக் கூடாது. முற்றாகப் பார்வையற்ற பிள்ளைக்கு வாசிப்பு என்பது பிறெயில். ஆறு புள்ளிகளை விரலால் தடவி வாசிப்பதையும், சட்டத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதுவதையும் தெரிந்த ஓர் ஆசிரியர் நாளாந்தம் கற்பிக்காமல் அது வராது. காதால் கேட்டு மனனம் செய்த பிள்ளை தரம் 5வரை ஒப்பேற்றிவிடும். கணிதத்தில் தடுக்கி விழும். சுன்னாகத்து வாழ்வகம் காட்டும் வழி இங்கே கவனிக்கத்தக்கது. பார்வையற்ற பிள்ளைகள் இல்லத்தில் தங்கிப் பிறெயிலும் நடமாட்டப் பயிற்சியும் பெற்று, அயலிலுள்ள சாதாரணப் பாடசாலைகளுக்குப் போய்வருகிறார்கள். மலையகத்துக்கும் ஹட்டன் நகரை ஒட்டி இத்தகைய தமிழ்மொழி இல்லம் ஒன்று தேவை என்பது என் கருத்து. தோட்டந்தோட்டமாக ஒரு பிறெயில் ஆசிரியரை நியமிப்பது நடவாத காரியம்.

இரண்டாவது எல்லை, கருவி போட்டும் பேச்சோசை எட்டாத பிள்ளை. அதை எந்த வாங்கில் இருத்தினாலும் ஒன்றுதான். அதற்குத் தேவை சைகைமொழி, அந்த மொழியில் பேச நாலு பிள்ளைகள், ஓர் ஆசிரியர். ஐந்து வயதுக்கு முன் எந்த மொழியும் முழுமையாகக் கிடைக்காத பிள்ளைக்குப் பின்னால் எழுத்தும் சரியாக வருவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை முப்பது பேர் நடுவே சும்மா உட்காரவைத்து உட்படுத்தல் கல்வி என்று பெயர் சூட்டுவது ஏமாற்று. அதைவிடக் கைதடி விடுதி மேல்.

நடுவே இருக்கும் பெருந்தொகைப் பிள்ளைகளுக்கு மேலே சொன்னவை போதும், அவை தொடர்ந்தால். தொடராமல் போவதற்கு முக்கிய காரணம் இடமாற்றம். பொருத்தமான தூரத்தைக் கண்டுபிடித்த ஆசிரியர் டிசம்பரில் மாறிப்போகிறார், ஜனவரியில் வருபவர் "முன்னுக்கு வந்து இரு" என்று மறுபடி தொடங்குகிறார். ஆகவே பிள்ளையின் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். எந்த இடம், எத்தனை மீற்றர், எந்தப் பக்கக் காது, எத்தனை சென்ரிமீற்றர் எழுத்து, எந்த வெளிச்சம். சாதாரண தரப் பரீட்சையில் பிறெயில் வினாத்தாள், மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பித்துக் கேட்கும்போதும், மருத்துவச் சான்றிதழோடு இப்படியொரு பல வருடப் பதிவு இருந்தால் பாடசாலையின் கோரிக்கைக்கு வலுவிருக்கும். அந்தச் சலுகையும் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது.

கடைசியாக, கட்டடம். தோட்டப் பாடசாலைகளுக்குப் புதுக் கட்டடங்கள் வந்துகொண்டிருக்கின்றன, இந்திய நன்கொடையிலும் சில மேம்படுத்தப்படுகின்றன. வரைபடம் மேசைக்கு வரும்போது அதிபரும் பாடசாலை அபிவிருத்திக் குழுவும் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். வகுப்புகளைப் பிரிக்கும் சுவர் ஆளுயரத்தில் நிற்காமல் கூரைவரை போக வேண்டும். தகரத்துக்குக் கீழே சீலிங் வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் இவற்றுக்கு ஒதுக்குங்கள்.